ஒரு ஏக்கர் தென்னைக்குச் சொட்டுநீர்: குழாயின் நீளம் முதல் மானியம் வரை செலவைக் கணக்கிடும் முறை

தென்னந்தோப்பில் புதிதாகச் சொட்டுநீர் அமைக்க நினைப்பவர்கள், ஏக்கருக்கு எவ்வளவு ஆகும் என்று நிறுவனத்தின் முகவரிடம் கேட்பதிலிருந்தே வேலையைத் தொடங்குகிறார்கள். அவர் சொல்லும் தொகை பெரும்பாலும் மானியத்துக்கு அரசு வைத்திருக்கும் உச்சவரம்பையொட்டியே இருக்கும்; தோப்புக்கு உண்மையில் எவ்வளவு குழாய் வேண்டும், ஒரு மரத்துக்கு எத்தனை சொட்டுவான் வேண்டும் என்பவற்றிலிருந்து அந்தத் தொகை வருவதில்லை. ஆகவே முகவரை அழைப்பதற்கு முன்பே நிலத்தை அளந்து, தாளில் வரைந்து, தேவையான பொருள்களை நாமே எண்ணி வைத்துக்கொள்வது நல்லது. அதற்கு ஒரு மாலைப் பொழுதும் ஓர் அளவு நாடாவும் போதும்.

கணக்கு விளங்குவதற்காகப் பொள்ளாச்சிப் பக்கத்துச் செம்மண் தோப்பு ஒன்றை எடுத்துக்கொள்வோம். நிலம் 60 மீட்டர் அகலமும் 67.5 மீட்டர் நீளமும் கொண்டது. இதன் பரப்பு 4,050 சதுர மீட்டர், அதாவது ஏறக்குறைய சரியாக ஒரு ஏக்கர். மரங்கள் 25 அடிக்கு 25 அடி, அதாவது ஏழரை மீட்டர் இடைவெளியில் நிற்கின்றன. அகலத்தில் 8 வரிசை, வரிசைக்கு 9 மரம் என மொத்தம் 72 மரங்கள். எல்லாம் காய்ப்பில் இருப்பவை. ஆழ்துளைக் கிணறு நிலத்தின் ஒரு மூலையிலிருந்து 30 மீட்டர் தள்ளி இருக்கிறது. உங்கள் நிலம் வேறு வடிவத்தில் இருந்தாலும் கணக்கின் வரிசை மாறாது. எண்களை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள்.

முதலில் தண்ணீர், பிறகு சொட்டுவான்

குழாயை எண்ணுவதற்கு முன் ஒரு மரத்துக்கு நாளொன்றுக்கு எவ்வளவு தண்ணீர் வேண்டும் என்பதை முடிவு செய்ய வேண்டும். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் தமிழகத்தின் மேற்குப் பகுதிக்குத் தந்துள்ள பரிந்துரையின்படி, தண்ணீர்த் தட்டுப்பாடு இல்லாத தோப்பில் சொட்டுநீர் முறையில் பிப்ரவரி முதல் மே வரை மரத்துக்கு நாளொன்றுக்கு 65 லிட்டர் கொடுக்க வேண்டும். ஜனவரி, ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களில் 55 லிட்டரும் மற்ற மாதங்களில் 45 லிட்டரும் போதும். ஓரளவு தட்டுப்பாடு உள்ள இடத்தில் கோடைக்கான அளவு 45 லிட்டராகவும், கடும் தட்டுப்பாட்டில் 22 லிட்டராகவும் குறைகிறது. அமைப்பைக் கோடையின் உச்சத் தேவையான 65 லிட்டருக்கு ஏற்பவே திட்டமிட வேண்டும்.

மணிக்கு 8 லிட்டர் விடும் சொட்டுவான்கள் நான்கை ஒரு மரத்துக்கு வைத்தால் மணிக்கு 32 லிட்டர் கிடைக்கும். இரண்டு மணி நேரம் ஓட்டினால் கோடைத் தேவை நிறைவேறிவிடும். 72 மரங்களுக்கு 288 சொட்டுவான்கள் வேண்டும். கடையில் டிரிப்பர் என்றுதான் கேட்க வேண்டியிருக்கும். உடைவதற்கும் தொலைவதற்கும் சேர்த்து 300 என்று எழுதிக்கொள்ளலாம்.

சில விலைப்பட்டியல்களில் மரத்துக்கு இரண்டு சொட்டுவான் மட்டுமே இருக்கும். நான்கு மணி நேரம் ஓட்டினால் அதே அளவு தண்ணீர்தானே என்று விளக்கம் சொல்வார்கள். தண்ணீரின் அளவு ஒன்றுதான் என்றாலும் நனையும் வேர்ப்பரப்பு ஒன்றல்ல. தென்னையின் உறிஞ்சும் வேர்களில் பெரும்பகுதி அடிமரத்தைச் சுற்றி இரண்டு மீட்டர் ஆரத்துக்குள் எல்லாப் பக்கமும் பரவியிருப்பதால், இரண்டு இடங்களை மட்டும் நனைத்தால் மற்ற பக்கத்து வேர்கள் காய்ந்தே கிடக்கும். பல ஆண்டுகள் வட்டப்பாத்தியில் தண்ணீர் குடித்துப் பழகிய மரத்துக்கு இந்தக் குறை உடனே தெரியும். நான்குக்குக் குறைய ஒப்புக்கொள்ளாதீர்கள். மணற்பாங்கான நிலமானால் தண்ணீர் பக்கவாட்டில் பரவாமல் நேரே கீழே இறங்கிவிடும் என்பதால் ஆறு வைப்பது நல்லது.

குழாயின் நீளம்

கிணற்றிலிருந்து நிலத்தின் மூலை வரை வருவது பிரதானக் குழாய். இதற்கு 63 மில்லிமீட்டர் பி.வி.சி. குழாய் 30 மீட்டர் தேவை. குழாய்கள் 6 மீட்டர் துண்டுகளாக வருவதால் 5 துண்டுகள் போதும்.

மூலையிலிருந்து 60 மீட்டர் அகலப் பக்கத்தை ஒட்டி எட்டு வரிசைகளையும் தொட்டுச் செல்வது துணைக்குழாய்; ஊரில் இதைச் சப்-மெயின் என்பார்கள். முதல் வரிசை வரப்பிலிருந்து 3.75 மீட்டர் உள்ளே இருக்கிறது. முதல் வரிசைக்கும் எட்டாம் வரிசைக்கும் இடையே ஏழு இடைவெளிகள், அதாவது 52.5 மீட்டர். இரண்டையும் கூட்டினால் 56.25 மீட்டர். 50 மில்லிமீட்டர் பி.வி.சி. குழாயில் 10 துண்டுகள், அதாவது 60 மீட்டர் வாங்க வேண்டும். இந்த இரண்டு குழாய்களும் மண்ணுக்குள் இரண்டடி ஆழத்தில் செல்பவை.

செலவில் பெரிய பங்கு லேட்டரல் எனப்படும் கறுப்புப் பக்கக் குழாய்க்குப் போகிறது. ஒவ்வொரு வரிசைக்கும் துணைக்குழாயிலிருந்து கடைசி மரம் வரை 63.75 மீட்டர், 64 என்று வைத்துக்கொண்டால் எட்டு வரிசைக்கு 512 மீட்டர். இத்துடன் ஒவ்வொரு மரத்தையும் சுற்றி அடிமரத்திலிருந்து ஒரு மீட்டர் தள்ளி ஒரு வளையம் போட வேண்டும். ஒரு மீட்டர் ஆரமுள்ள வட்டத்தின் சுற்றளவு 6.28 மீட்டர். இணைப்புக்கும் சேர்த்து மரத்துக்கு 7 மீட்டர் என்றால் 72 மரத்துக்கு 504 மீட்டர் ஆகிறது. வரிசைக் குழாயும் வளையமும் சேர்ந்து 1,016 மீட்டர். வெட்டுவதில் வீணாகும் 5 சதவீதத்தைச் சேர்த்தால் சுமார் 1,070 மீட்டர். வளையங்களுக்குப் போகும் நீளம் வரிசைகளுக்குப் போகும் நீளத்துக்கு ஏறக்குறைய சமமாக இருப்பதைக் கவனியுங்கள். வளையத்தை எண்ணாமல் விட்டுவிட்டால் மதிப்பீட்டில் குழாயின் அளவு பாதியாகிவிடும். புதியவர்கள் ஏமாறும் முதல் இடம் இதுதான்.

வளையத்தை முழுவதுமாக மூடி இணைக்க வேண்டாம். வரிசைக் குழாயிலிருந்து ஒரு டீ இணைப்பில் கிளம்பி, மரத்தைச் சுற்றி வந்து, ஓர் அடைப்போடு முடியட்டும். அப்போதுதான் அடைப்பைத் திறந்து உள்ளே படிந்த அழுக்கைக் கழுவி வெளியேற்ற முடியும்.

செலவைக் குறைக்க வேறொரு வழியும் உண்டு. வரிசைக் குழாயிலேயே மரத்துக்கு ஒரு மீட்டர் முன்னும் பின்னும் இரண்டு சொட்டுவான்களைப் பொருத்தி, மற்ற இரண்டையும் மைக்ரோ டியூப் என்னும் மெல்லிய குழாய் மூலம் இரு பக்கமும் ஒன்றரை மீட்டர் தூரத்துக்கு எடுத்துச் செல்லலாம். அப்படிச் செய்தால் லேட்டரல் 540 மீட்டரும் மைக்ரோ டியூப் 216 மீட்டரும் போதும். ஆனால் மெல்லிய குழாய்கள் விழும் மட்டையாலும் தேங்காயாலும் எளிதில் பிடுங்கிக்கொள்ளும். அணிலும் எலியும் கடிக்கும். காய்ப்பில் உள்ள தோப்புக்கு வளையமே நீடித்து உழைக்கும் என்பது என் கருத்து. கையில் பணம் குறைவாக இருந்து, வாரம் ஒருமுறை தோப்பைச் சுற்றிப் பார்க்கவும் முடியும் என்றால் மைக்ரோ டியூப் முறையைத் தேர்ந்தெடுப்பதில் தவறில்லை.

குழாயின் விட்டத்தில் மட்டும் சிக்கனம் பார்க்கக் கூடாது. 16 மில்லிமீட்டருக்குப் பதிலாக 12 மில்லிமீட்டர் லேட்டரல் போட்டால் மீட்டருக்குச் சில ரூபாய் மிச்சமாகும். ஒரு வரிசையின் ஒன்பது மரங்களுக்கும் மணிக்கு 288 லிட்டர் போக வேண்டும். 64 மீட்டர் தூரத்தில் 16 மில்லிமீட்டர் குழாயில் உராய்வால் இழக்கும் அழுத்தம் ஒரு மீட்டர் நீர்மட்ட அளவுக்குச் சற்றுக் குறைவு. 12 மில்லிமீட்டர் குழாயில் அது நான்கு மீட்டரைத் தாண்டும். சொட்டுவான்கள் பொதுவாகப் பத்து மீட்டர் அழுத்தத்துக்காகச் செய்யப்படுபவை என்பதால், 12 மில்லிமீட்டர் குழாயில் கடைசி மரத்துக்கு வந்து சேரும் தண்ணீரில் ஏறத்தாழ கால் பங்கு குறைந்துவிடும். லேட்டரலில் ஐ.எஸ். 12786, சொட்டுவானில் ஐ.எஸ். 13487 என்ற தர எண்ணோடு ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். நிலம் சரிவாக இருந்தால் அழுத்தத்தைச் சமன்செய்யும் வகைச் சொட்டுவானைக் கேட்க வேண்டும்; அதன் விலை கூடுதல்.

தலைப்பகுதி

மோட்டாருக்கு அடுத்து நிலத்தின் தொடக்கத்தில் வடிகட்டி, உரம் ஏற்றும் வெஞ்சூரி, அழுத்தமானி, காற்றுப்போக்கி, வால்வுகள் ஆகியவை வர வேண்டும். நிலம் ஓர் ஏக்கரானாலும் மூன்று ஏக்கரானாலும் இந்தச் செலவில் பெரிய மாற்றம் இருக்காது என்பதால், சிறிய தோப்புக்காரருக்குத்தான் இது ஏக்கர்க் கணக்கில் கனமாகத் தெரியும்.

வடிகட்டியின் வகையைத் தண்ணீரே முடிவு செய்கிறது. தெளிந்த ஆழ்துளைக் கிணற்று நீருக்கு இரண்டு அங்குல வலை வடிகட்டி அல்லது வட்டு வடிகட்டி போதும். கிணற்று நீரில் மணல் வந்தால் அதன் முன்னே மணல் பிரிப்பான் வேண்டும். பாசி படியும் திறந்த கிணறு, குட்டை, வாய்க்கால் நீராக இருந்தால் மணல் வடிகட்டி இல்லாமல் வேலை நடக்காது. அது ஒன்றே மதிப்பீட்டைக் கணிசமாக உயர்த்திவிடும்.

மோட்டாரையும் இந்த இடத்தில் ஒருமுறை சரிபார்க்க வேண்டும். நமது 288 சொட்டுவான்களும் சேர்ந்து மணிக்கு 2,304 லிட்டர்தான் எடுக்கும். வட்டப்பாத்திப் பாசனத்துக்காக வாங்கிய மோட்டார் இதைவிடப் பல மடங்கு தண்ணீரைத் தள்ளக்கூடும். மிஞ்சும் தண்ணீர் தொட்டிக்கோ கிணற்றுக்கோ திரும்பும்படி ஒரு மாற்றுவழி வால்வு வைக்காவிட்டால் அழுத்தம் ஏறி, இணைப்புகள் கழன்று, சொட்டுவான்கள் பிய்த்துக்கொண்டு போகும். மதிப்பீட்டில் இந்த வால்வு இருக்கிறதா என்று கேட்டுப் பெறுங்கள்.

தொகை

கீழே எழுதியுள்ள விலைகள் கணக்கைக் காட்டுவதற்காக நான் எடுத்துக்கொண்டவை. உங்கள் ஊரில் இரண்டு மூன்று கடைகளில் விசாரித்த விலையை அவற்றின் இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள். வரி இதில் சேரவில்லை.

- லேட்டரல் 16 மி.மீ., 1,070 மீட்டர், மீட்டர் 12 ரூபாய்: 12,840
- சொட்டுவான் 300, ஒன்று 4 ரூபாய்: 1,200
- துணைக்குழாய் 60 மீட்டர், மீட்டர் 60 ரூபாய்: 3,600
- பிரதானக் குழாய் 30 மீட்டர், மீட்டர் 90 ரூபாய்: 2,700
- வடிகட்டி: 4,000
- வெஞ்சூரி தொகுப்பு: 2,000
- அழுத்தமானி, காற்றுப்போக்கி, வால்வுகள்: 2,000
- டீ, அடைப்பு, முழங்கை, பசை முதலிய இணைப்புகள்: 2,200
- 90 மீட்டர் பள்ளம் எடுத்து மூடுதல், பொருத்தும் கூலி: 5,700

மொத்தம் 36,240 ரூபாய். மோட்டார் இதில் இல்லை. மைக்ரோ டியூப் முறைக்கு மாறினால் இதில் ஏறத்தாழ 6,000 ரூபாய் குறையும். கிணறு 30 மீட்டருக்குப் பதிலாக 150 மீட்டர் தள்ளி இருந்தால், பிரதானக் குழாய்க்கு மட்டும் 10,800 ரூபாய் கூடும்; பள்ளம் எடுக்கும் கூலி அதற்கு மேல். ஆகவே பக்கத்துத் தோப்புக்காரர் செலவழித்த தொகையை அப்படியே உங்கள் தோப்புக்குப் பொருத்திப் பார்க்க முடியாது.

மானியம் எந்தத் தொகைக்கு?

தமிழ்நாட்டில் நுண்ணீர்ப் பாசனத் திட்டத்தின் கீழ் சிறு, குறு விவசாயிகளுக்கு 100 சதவீதமும் மற்றவர்களுக்கு 75 சதவீதமும் மானியம் வழங்கப்படுகிறது. இரண்டரை ஏக்கர் வரை வைத்திருப்பவர் குறு விவசாயி, ஐந்து ஏக்கர் வரை வைத்திருப்பவர் சிறு விவசாயி. தோப்பு ஓர் ஏக்கர்தான் என்றாலும், உங்கள் பெயரில் வேறெங்கேனும் உள்ள நிலத்தையும் சேர்த்துத்தான் இது முடிவாகும்.

இந்தச் சதவீதம் உங்கள் பில்லின் மீது கணக்கிடப்படுவதில்லை. பயிர் இடைவெளிக்கு ஏற்ப அரசு நிர்ணயித்திருக்கும் அலகுத்தொகையின் மீதே கணக்கிடப்படுகிறது. நெருக்கமாக லேட்டரல் போடும் காய்கறிக்கும் கரும்புக்கும் அலகுத்தொகை அதிகம். ஏழரை மீட்டர் இடைவெளியுள்ள தென்னைக்கு அது மிகவும் குறைவு. 100 சதவீத மானியம் என்று கேள்விப்பட்டவர்கள் கடைசியில் கையிலிருந்து பணம் போடுவதற்குக் காரணம் இதுவே.

அலகுத்தொகை அவ்வப்போது திருத்தப்படுவதால், அன்றைய தொகையை வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தில் கேட்டுக்கொள்ள வேண்டும். கணக்குக்காக அது ஓர் ஏக்கருக்கு 24,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். சிறு விவசாயிக்கு 24,000 ரூபாயும் கிடைக்கும். நமது 36,240 ரூபாய் மதிப்பீட்டில் மீதி 12,240 ரூபாயை அவர் போட வேண்டும். பெரிய விவசாயிக்கு 24,000 ரூபாயின் முக்கால் பங்காகிய 18,000 ரூபாய் கிடைக்கும். அவர் போட வேண்டியது 18,240 ரூபாய். அதாவது 75 சதவீத மானியம் என்பது அவருடைய உண்மைச் செலவில் பாதிக்குச் சற்றுக் குறைவாகவே அமைகிறது.

விவசாயி பணம் எதுவும் போடத் தயாராக இல்லாதபோது, நிறுவனம் பொருள்களை அலகுத்தொகைக்குள் அடக்கிவிடுகிறது. வளையம் காணாமல் போகும், சொட்டுவான் இரண்டாகும், பிரதானக் குழாய் நிலத்தின் எல்லையோடு நின்றுவிடும். இதில் மறைவு எதுவும் இல்லை. பொருள்பட்டியலில் எல்லாம் எழுதியே இருக்கும். நீங்கள் முன்பே எண்ணி வைத்த தாளை அதன் பக்கத்தில் வைத்து, லேட்டரல் எத்தனை மீட்டர், சொட்டுவான் எத்தனை, பிரதானக் குழாய் எத்தனை மீட்டர் என்ற மூன்று வரிகளை மட்டும் ஒப்பிட்டாலே போதும். குறைவதை உங்கள் செலவில் சேர்த்துப் போடச் சொல்லி, அதையும் அதே பட்டியலில் தனியாக எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

விண்ணப்பத்துக்குச் சிட்டா, அடங்கல், நில வரைபடம், ஆதார், குடும்ப அட்டை, புகைப்படம், மண் மற்றும் நீர்ப் பரிசோதனை முடிவு ஆகியவை தேவை. சிறு, குறு விவசாயி என்றால் வட்டாட்சியரின் சான்றும் வேண்டும். தென்னைக்கு வேளாண்மைத் துறையின் விரிவாக்க மையத்தை அணுக வேண்டும். மிமிஸ் என்னும் இணையதளத்தில் பதிவு செய்கிறார்கள். அங்கீகரிக்கப்பட்ட நிறுவனங்களில் ஒன்றை நீங்களே தேர்ந்தெடுக்கலாம். நிறுவனம் நிலத்தை அளந்து வரைபடமும் மதிப்பீடும் தரும். அதிகாரிகள் பார்வையிட்ட பிறகு பணி ஆணை வரும். பணி ஆணைக்கு முன் வாங்கிப் போட்ட பொருளுக்கு மானியம் கோர முடியாது என்பதால் அவசரப்பட்டுக் குழாய் இறக்கிவிட வேண்டாம். மானியத்தொகை நிறுவனத்துக்குப் போய்ச் சேரும். உங்கள் பங்கை மட்டும் நீங்கள் கட்டுவீர்கள், அதற்கு ரசீது வாங்க வேண்டும். மானியம் பெற்ற அதே நிலத்துக்கு மறுபடியும் பெற ஏழு ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். குறைவாகப் போட்டுவிட்டுப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பது இதனால்தான் சரிவராது.

மோட்டாருக்கும் கிணற்றிலிருந்து வரும் நீண்ட பாசனக் குழாய்க்கும் துணைநிலை நீர் மேலாண்மைத் திட்டத்தில் உச்சவரம்புக்கு உட்பட்டுப் பாதி மானியம் தனியாக உண்டு. கிணறு தொலைவில் உள்ளவர்கள் சொட்டுநீருக்கு விண்ணப்பிக்கும்போதே இதையும் கேட்க வேண்டும்.

கையெழுத்திடுவதற்கு முன்

வேலை முடிந்ததும் நிறைவுச் சான்றில் கையெழுத்துக் கேட்பார்கள். அதற்கு முன் அரை மணி நேரம் செலவழித்து ஒரு சோதனை செய்யுங்கள். எல்லா லேட்டரல்களின் முனையையும் திறந்துவிட்டுத் தெளிந்த தண்ணீர் வரும்வரை ஓட்டிய பிறகு மூடுங்கள். அழுத்தம் நிலைப்பட்டதும், முதல் வரிசையின் முதல் மரத்திலும் எட்டாம் வரிசையின் கடைசி மரத்திலும் ஒவ்வொரு சொட்டுவானின் கீழே ஒரு பாத்திரத்தை ஆறு நிமிடம் வையுங்கள். மணிக்கு 8 லிட்டர் என்றால் ஆறு நிமிடத்தில் 800 மில்லி வர வேண்டும். கடைசி மரத்தில் 720 மில்லிக்குக் குறைந்தால் குழாயின் விட்டமோ அழுத்தமோ சரியில்லை என்று பொருள். எல்லா இடத்திலும் ஒரே அளவில் குறைந்தால் மோட்டார்ப் பக்கத்து வால்வையும் வடிகட்டியையும் பார்க்க வேண்டும். ஒரு வரிசையில் மட்டும் குறைந்தால் அந்த லேட்டரலில் மடிப்போ அடைப்போ இருக்கும். இந்த அளவுகளைத் தேதியோடு எழுதி வைத்தால், ஆறு மாதம் கழித்து மறுபடி அளந்து பார்க்கும்போது உப்புப் படிந்து அடைக்கத் தொடங்கியிருக்கிறதா என்பது தெரிந்துவிடும். அப்போது செய்ய வேண்டிய அமிலச் சுத்திகரிப்பை, விற்பனைக்குப் பிந்தைய சேவையின் பகுதியாக நிறுவனத்தின் ஆளை வரவழைத்தே செய்துகொள்ளுங்கள்.

அமைப்பை ஓட்டத் தொடங்கும் காலத்தையும் சற்று யோசித்து வைக்க வேண்டும். வட்டப்பாத்தியில் வளர்ந்த மரத்தை ஏப்ரல் மாத வெயிலில் திடீரென்று சொட்டுநீருக்கு மாற்றினால், நனையாத பகுதியின் வேர்கள் வாடி, குரும்பை உதிரும். பருவமழை பெய்யும் மாதங்களில் தொடங்கினால் நனையும் இடத்தில் புது வேர்கள் பிடிக்க நேரம் கிடைக்கும். விண்ணப்பம், பணி ஆணை, குழாய் பதிப்பு எல்லாம் முடிய ஆகும் காலத்தைக் கணக்கிட்டால், கோடையிலேயே பதிவு செய்துவிடுவது பொருத்தமாக இருக்கும்.